டெல்ஃப் பி1 கேட்டல் தேர்வு: காதில் விழுந்த சொல்லுக்கே டிக் போடாதீர்கள்

சேலத்தில் பிளஸ் டூ வரை பிரெஞ்சு படித்து, இலக்கணத்தில் அள்ளி மதிப்பெண் வாங்கியவர்கள்கூட பிரெஞ்சு மொழித் திறனைச் சோதிக்கும் டெல்ஃப் பி1 தேர்வின் கேட்டல் பகுதியில் சறுக்குகிறார்கள். அந்தப் பகுதிக்கு 25 மதிப்பெண். அதில் 5-க்குக் கீழே போனால், மொத்தம் 50-ஐத் தாண்டினாலும் தேர்ச்சி இல்லை. மூன்று ஒலிப்பதிவுகள் வரும், ஒவ்வொன்றையும் இரண்டு முறை போடுவார்கள்.

பெரும்பாலானோர் செய்யும் தவறு, விடைத்தாளில் உள்ள சொல் காதில் விழுந்ததுமே டிக் போடுவது. ஒரு பெண் தோழியிடம் சொல்கிறாள்: "ஜாவே போன்ஸே ப்ரோந்த்ர் ல த்ரேன், மே ஃபினால்மோன் மோன் ஃப்ரேர் மமேன் ஓன் வுவாத்யூர்." அதாவது, ரயிலில் போகலாம் என்று நினைத்திருந்தேன், ஆனால் கடைசியில் சகோதரன் காரில் அழைத்துப் போகிறான். கேள்வி: எப்படிப் பயணம் செய்கிறாள்? விடைகள்: ரயிலில், பேருந்தில், குடும்பத்தார் ஒருவருடன். 'த்ரேன்' என்று கேட்டவுடன் கை ரயிலுக்குப் போய்விடும். சரியான விடை மூன்றாவது. அவளை அழைத்துப் போவது அண்ணனோ தம்பியோதான், ஆனால் 'ஃப்ரேர்' என்ற சொல் விடையில் இல்லை. தவறான விடையில்தான் கேட்ட சொல் அப்படியே இருக்கும், சரியானதில் பெரும்பாலும் வேறு சொல்லில் அதே பொருள் இருக்கும்.

இதே பேச்சைத் தமிழில் கேட்டால் யாரும் ஏமாறுவதில்லை. "ஏற்காட்டுக்குப் பஸ்லதான் போகலாம்னு இருந்தேன், கடைசியில அண்ணனே கார்ல கூட்டிட்டுப் போறாரு" என்றால், 'இருந்தேன்' என்னும்போதே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது என்று காது சொல்லிவிடும். பிரெஞ்சில் அந்த வேலையை, நினைத்திருந்தேன் என்னும் 'ஜாவே போன்ஸே', விரும்பினேன் என்னும் 'ஜ வூலே' போன்றவை செய்கின்றன. அவை காதில் பட்டால் பென்சிலை நிறுத்துங்கள். ஆனால் என்னும் 'மே', கடைசியில் என்னும் 'ஃபினால்மோன்', உண்மையில் என்னும் 'ஓன் ஃபேத்' ஆகியவற்றுக்குப் பின் வருவதே பெரும்பாலும் விடை.

இன்னொன்று, எதிர்மறை. பாடப்புத்தகத்தில் 'ஜ ந ஸே பா' என்று படித்திருப்போம். பேச்சில் 'ந' காணாமல் போய் 'ஷே பா' என்றுதான் ஒலிக்கும். 'ந' வருமென்று காத்திருப்பவர் 'தெரியாது' என்பதைத் தவறவிடுகிறார். 'பா'வைத்தான் பிடிக்க வேண்டும்.

எண்களில் அவசரம் ஆபத்து. 'கத்ர் வேன்' என்றதும் 80 என்று எழுதினால், பின்னால் பன்னிரண்டு என்னும் 'தூஸ்' வந்து அது 92 ஆகிவிடும். எண் முழுதும் முடிந்த பிறகே எழுதுங்கள்.

ஒரு கேள்வி நழுவினால் அதிலேயே நிற்காதீர்கள். கேள்விகள் பெரும்பாலும் பேச்சின் வரிசையிலேயே வரும், நின்றால் அடுத்ததும் போய்விடும். முதல் முறை கேட்கும்போது விடையருகே சிறு புள்ளி மட்டும் வைத்து, விட்டதை இரண்டாம் முறையில் பிடியுங்கள்.

பயிற்சியை இயர்போனில் மட்டுமே செய்வதும் தவறு. தேர்வறையில் ஒலிபெருக்கியில்தான் பெரும்பாலும் போடுவார்கள். ஆர்.எஃப்.ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியை போன் ஸ்பீக்கரில், மின்விசிறி ஓட, இரண்டே முறை கேளுங்கள். அதன் பிறகுதான் எழுத்து வடிவத்தைத் திறக்க வேண்டும். முதலிலேயே திறந்தால் கண்தான் படிக்கும், காது பழகாது.