அட்டையில் இருப்பது யாருடைய தேதி?

பல குழுக்கள் சேர்ந்து ஒரு பெரிய மென்பொருளை வெளியிடும்போது, யாருக்கு யாரிடமிருந்து எது வர வேண்டும் என்பதை ஒரே பலகையில் எழுதி வைப்பது வழக்கம். குழுவுக்கு ஒரு வரிசை, இரண்டு வாரத்துக்கு ஒரு பத்தி, ஒவ்வொரு சார்புக்கும் ஓர் அட்டை. தருபவரின் அட்டையிலிருந்து கேட்பவரின் அட்டைக்குச் சிவப்பு நூல் ஓடும். ஜிராவில் வைத்திருப்பவர்களுக்கு நூலுக்குப் பதில் `blocks` என்ற இணைப்பு.

இதில் நான் அதிகம் பார்க்கும் தவறு, தேதி எழுதும் இடத்தில்தான் நடக்கிறது. தருகிற குழு தனக்கு எப்போது முடியும் என்பதை எழுதிவிடுகிறது. கேட்கிற குழுவுக்கு எப்போது வேண்டும் என்பதை யாரும் கணக்கிடுவதில்லை.

ஒரு மொபைல் செயலியின் வெளியீட்டை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 18, வியாழக்கிழமை வெளிவர வேண்டும். பணம் செலுத்தும் ஏபிஐயைப் பேமென்ட் குழு மொபைல் குழுவுக்குத் தர வேண்டும். அட்டையில் ‘செப்டம்பர் 5’ என்று இருக்கிறது. வெளியீட்டுக்கு இன்னும் 13 நாள் இருக்கிறதே என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

இப்போது பின்னோக்கி எண்ணுவோம். ஆப் ஸ்டோர் பரிசீலனைக்கு மூன்று வேலை நாள் ஒதுக்கினால், 15ஆம் தேதி காலை செயலியைப் பதிவேற்ற வேண்டும். முழுச் சோதனைக்கு எட்டு வேலை நாள் என்றால் அது செப்டம்பர் 3 அன்று தொடங்க வேண்டும். அதற்கு முன் ஏபிஐயைச் செயலியோடு இணைக்க ஐந்து வேலை நாள். அந்த வேலை ஆகஸ்ட் 27 அன்று தொடங்க வேண்டும். ஆகவே ஏபிஐ ஆகஸ்ட் 26 மாலைக்குள் வந்தாக வேண்டும். ஆனால் ஆகஸ்ட் 27 விநாயகர் சதுர்த்தி, செப்டம்பர் 5 மிலாது நபி. சென்னையில் இருக்கும் குழுவுக்கு இரண்டும் விடுமுறை. இரண்டு நாளைக் கழித்தால் உண்மையான தேதி ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. அட்டையில் இருந்த தேதி இரண்டு வாரம் பிந்தியது. அதுவும் விடுமுறை நாள்!

ஆகவே ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு தேதிகள் வேண்டும்: கேட்பவர் எழுதும் ‘வேண்டிய நாள்’, தருபவர் எழுதும் ‘தரும் நாள்’. இரண்டாவது முதலாவதைத் தாண்டினால் அந்த அட்டை அன்றைக்கே சிவப்பு. யாரும் இன்னும் தாமதிக்கவில்லை என்பது பொருட்டல்ல. திட்டமிடும் நாளிலேயே அது தெரிந்துவிட்டால், பேசித் தீர்க்க வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது.

இந்த இடைவெளியை அடைக்க ஒரு நல்ல வழி, அட்டையை இரண்டாகப் பிரிப்பது. என்ன கேள்வி அனுப்பினால் என்ன பதில் வரும் என்ற வரையறையை முதல் அட்டையாக்கி ஆகஸ்ட் தொடக்கத்திலேயே வாங்கிவிடலாம். அதைக் கொண்டு மொபைல் குழு போலிப் பதில்களை வைத்துத் திரைகளைக் கட்டி முடிக்கலாம். உண்மையான ஏபிஐ வந்த பிறகு ஐந்து நாள் வேலை இரண்டு நாளாகச் சுருங்கக்கூடும். ஆனால் சோதனைக்கான எட்டு நாளை இது குறைக்காது. அதையும் சேர்த்துச் சுருக்கப் பார்ப்பவர்களிடம் நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

அடுத்த தவறு, பொறுப்பாளர் என்ற இடத்தில் ‘பேமென்ட் குழு’ என்று எழுதுவது. குழுவை யாரும் தொலைபேசியில் அழைக்க முடியாது. ஒரு வெளியீட்டில் அப்படி எழுதியிருந்த அட்டையைப் பற்றி விசாரித்தேன். குழுவில் மூன்று பேரும், மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்றே சொன்னார்கள். வேலை தொடங்கவே இல்லை. தருபவர் பக்கம் ஒரு பெயர், கேட்பவர் பக்கம் ஒரு பெயர், விடுப்பில் போனால் பார்க்க இன்னொரு பெயர் வேண்டும். அதோடு, தருபவர் தன் வாயால் ‘சரி’ என்று சொல்லும்வரை அந்த அட்டை வெறும் வேண்டுகோள்தான். கேட்பவரே எழுதி ஒட்டிவிட்டால் ஒப்புதல் ஆகிவிடாது.

‘முடிந்தது’ என்ற சொல்லும் ஏமாற்றும். பேமென்ட் குழுவுக்கு, நிரலைக் கிட்டில் சேர்த்தால் முடிந்தது. மொபைல் குழுவுக்கோ, ஸ்டேஜிங் சர்வரில் ஏபிஐயை அழைத்தால் பதில் வர வேண்டும். நடுவில் ஃபயர்வால் அனுமதி ஒன்று நான்கு நாள் கிடக்கலாம். அந்த அனுமதியைத் தருவதும் இன்னொரு குழு என்பதால், அதற்கும் தனி அட்டை வேண்டும். அட்டையை மூடும் உரிமையைக் கேட்பவரிடம் கொடுங்கள்: தன் கணினியிலிருந்து அழைத்து, பதிலைப் பார்த்த பிறகு அவரே மூடட்டும்.

தேதி மாறும், அதில் குற்றமில்லை. ஆனால் பழைய தேதியை அழித்துவிட்டுப் புதியதை எழுதாதீர்கள்; பழையதைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று முறை அடிக்கப்பட்ட அட்டை கண்ணில் பட்டால், அதன் நூலைப் பிடித்துக்கொண்டு போய் மறுமுனையில் இருப்பவரிடம் அன்றே பேசிவிடலாம்.