வெறும் சுவர் அறையில் எதிரொலி இல்லாமல் வசனம் பதிவு செய்ய

சாமான் இல்லாத அறையில் ஷாட்கன் மைக்கை கேமரா மேலேயே மாட்டினால், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். பக்கவாட்டுச் சத்தத்தைக் குறைக்கும் அதன் நீளக்குழாய், சுவரில் பட்டு எல்லாப் பக்கமிருந்தும் திரும்பும் ஒலியிடம் திணறிவிடும். இங்கே காலர் மைக்தான் என் தேர்வு. மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சு நடுவில் குத்துங்கள். பேசுபவரைத் தலையைத் திருப்பச் சொல்லி, துணி உரசுகிறதா என்று ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

ஷாட்கன்தான் இருக்கிறதா? சரி, ஃப்ரேமுக்குச் சற்று மேலே, தலையிலிருந்து ஒன்றரை அடிக்குள் கொண்டுவந்து நெஞ்சை நோக்கிச் சாய்த்துவிடுங்கள்.

அப்புறம், பேசுபவர் பார்க்கும் திசையில், கேமராவுக்குப் பின்னால் கனமான கம்பளி இரண்டைத் தொங்கவிடுங்கள், தரையிலும் ஒன்று. கை தட்டினால் வரும் 'ட்ரிங்' ஓசை அடங்கியிருக்க வேண்டும். மெல்லிய பெட்ஷீட் இதற்கு உதவாது.