எக்ஸாம் முழுக்க தினமும் மெசேஜ் போட்ட ஃப்ரெண்டுக்கு தேங்க்ஸ் லெட்டர் எழுதறது எப்படி

எக்ஸாம் முடிஞ்சாச்சு. இத்தனை மாசமா டெய்லி "எந்திரிச்சியா, இன்னிக்கு எந்த சாப்டர், உயிரோட இருக்கியா"ன்னு மெசேஜ் போட்டுட்டே இருந்த ஒரு ஆளு இருக்காங்க, அவங்களுக்கு ஒரு லெட்டர் எழுதணும்னு தோணுது, ஆனா உக்காந்தா "நீ பண்ண ஹெல்ப்ப மறக்கவே மாட்டேன்"ங்கிற லைனைத் தாண்டி பேனா நகர மாட்டேங்குது. அந்த இடத்துல மாட்டிக்கிட்டவங்களுக்குத்தான் இந்த போஸ்ட்.

மொதல்ல ஒரு விஷயம். தினமும் மெசேஜ் போட்டவங்களுக்கு உங்க பக்கம் என்ன நடந்துச்சுன்னு தெரியவே தெரியாது. அவங்க போன்ல இருக்கறது அவங்க போட்ட மெசேஜ், பக்கத்துல ப்ளூ டிக், எப்பவாவது நீங்க போட்ட ஒரு "ம்", ஒரு தம்ஸ் அப், அவ்ளோதான். அந்த மெசேஜ் வந்தப்ப நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க, அதைப் பாத்துட்டு அடுத்து என்ன பண்ணீங்க, இதெல்லாம் அவங்க பாக்கவே இல்ல. லெட்டரோட வேலை அதைக் காட்டறதுதான். "ரொம்ப நன்றி"ன்னு பத்து விதமா சொல்றது இல்ல.

ஸ்டெப் 1: எழுத உக்காராதீங்க, சாட்டைத் திறங்க

ஞாபகத்துல இருந்து எழுதினா எல்லார் லெட்டரும் ஒரே மாதிரிதான் வரும். வாட்ஸ்அப்னா அந்த சாட்டுக்குள்ள சர்ச் போங்க, காலண்டர் ஐகான் இருக்கும், எக்ஸாம் நெருங்கின ஒரு தேதியைப் போட்டா நேரா அந்த நாளுக்கே போயிடும். அங்கிருந்து மெதுவா கீழ வாங்க. மனசுல பட்ட மெசேஜ அழுத்திப் பிடிச்சு ஸ்டார் போட்டுட்டே போங்க, அப்புறம் மொத்தமா ஸ்டார் லிஸ்ட்ல பாத்துக்கலாம். டிஸப்பியரிங் ஆன்ல இருந்து எல்லாம் போயிடுச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது, ஞாபகம் இருக்கற ரெண்டு மெசேஜ ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, வார்த்தை கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல.

படிக்கறப்ப மூணு விஷயத்தத் தேடுங்க.

ஒண்ணு, அவங்க எப்படி கேட்டாங்கங்கறது. "படிச்சியா"ன்னு கேக்கறதுக்கும் "இன்னிக்கு எந்த சாப்டர்"னு கேக்கறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. மொதல் கேள்விக்கு ஆமா இல்லைன்னுதான் பதில் சொல்ல முடியும், படிக்காத நாள்ல அது மார்க் ஷீட் கேக்கற மாதிரி குத்தும். ரெண்டாவதுக்கு ஒரு சாப்டர் பேரைச் சொன்னா போதும். சில பேர் "ரிப்ளை பண்ணாத, சும்மா போட்டேன்"னு சேத்தே அனுப்புவாங்க, பதில் சொல்லணுமேங்கற பாரத்தையும் எடுத்து விட்டுடுவாங்க. உங்க ஃப்ரெண்ட் இப்படி ஏதாவது தெரிஞ்சோ தெரியாமலோ பண்ணிருப்பாங்க, அதைப் பிடிங்க.

ரெண்டு, நீங்க ரிப்ளை பண்ணாத நாட்கள். அவங்க மெசேஜ் மட்டும் வரிசையா நிக்கும், நடுவுல உங்களோடது ஒண்ணுகூட இருக்காது. அந்த இடம்தான் லெட்டருக்கு தங்கம், ஏன்னா ரிப்ளை வராதப்பயும் அனுப்பிட்டே இருந்தது அவங்க எடுத்த முடிவு.

மூணு, மெசேஜ் பக்கத்துல இருக்கற டைம். இதை யாருமே பாக்க மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு இப்படி பாக்கறப்ப, எப்பவும் நைட் ஒன்பதரை மணிக்கு வர்ற மெசேஜ் ஒரு வாரம் மட்டும் விடிகாலை அஞ்சே கால், அஞ்சரைன்னு வந்திருந்துச்சு. அந்த வாரம் அந்த ஃப்ரெண்டுக்கு வேலையில நைட் ஷிஃப்ட், முடிச்சுட்டு வீட்டுக்குப் போற வழியில போட்டிருக்கா. எக்ஸாம் டைம்ல இவளுக்கு அது கண்ணுலயே படல.

ஸ்டெப் 2: மூணு மெசேஜ், அதுக்கு மேல வேணாம்

ஸ்டார் போட்டது இருபது இருக்கும். எல்லாத்தையும் எழுதினா அது லிஸ்ட் ஆயிடும். மூணு போதும், ரெண்டு கூட போதும். ஒவ்வொண்ணுக்கும் கீழ "இது வந்தப்ப நான் என்ன பண்ணிட்டு இருந்தேன், பாத்துட்டு என்ன பண்ணேன்"னு ரெண்டு லைன் கிறுக்கி வைங்க. "தெம்பா இருந்துச்சு"ன்னு எழுதினா அடிச்சுடுங்க, கையால செஞ்ச காரியமா இருக்கணும், புக்கை மூடினேன், லைட்டை அணைச்சேன், அந்த ஒரு கணக்கை மறுபடி போட்டேன், இந்த மாதிரி. மனசுல இருந்ததை அவங்க ஊகிச்சுப்பாங்க, நடந்ததை ஊகிக்க முடியாது.

ஸ்டெப் 3: "நான்"ல ஆரம்பிச்ச லைனைத் திருப்பி போடுங்க

மொதல் டிராஃப்ட் எல்லாருக்குமே இப்படித்தான் வரும்:

"நான் ரொம்ப கஷ்டப்பட்டேன். எனக்கு யாருமே இல்லாத மாதிரி இருந்துச்சு. உன் மெசேஜ் எனக்கு பெரிய சப்போர்ட்டா இருந்துச்சு. நீ இல்லன்னா நான் பாஸே ஆகிருக்க மாட்டேன்."

பொய்யெல்லாம் இல்ல. ஆனா நாலு லைன்லயும் ஃப்ரெண்ட் என்ன பண்ணாங்கன்னு ஒண்ணுமே இல்ல பாருங்க, எல்லாம் எனக்கு எனக்குன்னு போகுது. சாரா ஆல்கோங்கற சைக்காலஜிஸ்ட் குழு 2016-ல ஜோடிகளை வச்சு இதையே பாத்தாங்க. நன்றி சொல்றப்ப "எனக்கு எவ்ளோ உதவியா இருந்துச்சு"ங்கறதை விட "நீ இப்படி பண்ண, நீ இப்படிப்பட்ட ஆளு"ங்கற பகுதிதான் கேக்கறவங்க மனசுக்கு நல்லா பட்டுச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. அவங்க பாத்தது ஜோடிகளைத்தான், ஃப்ரெண்ட்ஸை இல்ல, ஆனா தேங்க்ஸ் லெட்டர் படிச்ச அனுபவம் இருக்கற யாருக்கும் இது சரின்னு தோணும்.

அந்தக் கடைசி லைனைப் பத்தி தனியா சொல்லணும். "நீ இல்லன்னா பாஸ் ஆகிருக்க மாட்டேன்"னு எழுதாதீங்க. படிச்சது நீங்க, அது அவங்களுக்கும் தெரியும், அதனால அது சும்மா சொல்ற பேச்சா ஆயிடும். இன்னொண்ணு, லெட்டரை ரிசல்ட்டோட கட்டிட்டீங்கன்னா ரிசல்ட் சரியா வரலன்னா லெட்டரே எழுத முடியாம போயிடும், அவங்க பண்ணதுக்கும் மார்க்குக்கும் சம்பந்தமே இல்லாதப்ப அது எவ்ளோ அநியாயம். அதனாலதான் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே அனுப்பிடுங்கன்னு சொல்வேன்.

ஸ்டெப் 4: எழுதுங்க, ஒரு பக்கத்துக்குள்ள

மேல சொன்ன பொண்ணு கடைசியா எழுதினது கிட்டத்தட்ட இப்படி இருந்துச்சு. காப்பி அடிக்க இல்ல, எந்த லைன் என்ன வேலை பண்ணுதுன்னு பாக்க.

"ஏய்,

நம்ம சாட்டை மேல இருந்து படிச்சேன். டெய்லி நைட் நீ ஒரே கேள்விதான் கேட்டிருக்க, இன்னிக்கு எந்த சாப்டர்னு. ஒரு நாள்கூட படிச்சு முடிச்சியான்னு கேக்கல. நீ யோசிச்சு பண்ணியான்னு தெரியல, ஆனா அதனாலதான் உன் மெசேஜ மட்டும் பயப்படாம திறப்பேன்.

ரொட்டேஷன் சாப்டர்ல மாட்டிக்கிட்டு ஒரு வாரம் உனக்கு ரிப்ளையே பண்ணல, ஞாபகம் இருக்கா? நீ கோவப்படல, ஏன்னு கேக்கல, அடுத்த நாள் அதே கேள்வி. அதுல ஒரு நாள் 'சாப்டர் பேர் வேணாம், பேஜ் நம்பர் சொல்லு போதும்'னு போட்டிருந்த. உனக்கு பேஜ் நம்பர் சொல்லணும்னே புக்கைத் திறந்தேன், பத்தொன்பதாவது பக்கம்னு டைப் பண்ணேன், அனுப்பல, வெக்கமா இருந்துச்சு. ஆனா புக்கை மூடாம அந்தப் பக்கத்தைப் படிச்சு முடிச்சேன்.

அப்புறம் இப்பதான் ஒண்ணு பாத்தேன். நடுவுல ஒரு வாரம் உன் மெசேஜ் எல்லாம் விடிகாலை அஞ்சு மணிக்கு மேல வந்திருக்கு. உனக்கு நைட் ஷிஃப்ட். விடிய விடிய நின்னுட்டு தூங்கப் போறதுக்கு முன்னாடி என் சாப்டரைக் கேட்டிருக்க, ஒரு வார்த்தை சொல்லல. நீ அப்படித்தான், செஞ்சா சத்தமே இருக்காது.

இனிமே டெய்லி கேக்கணும்னு இல்ல, நீ நிம்மதியா தூங்கு. ஆனா உனக்கு ஏதாவது சொல்லணும்னா நைட் ஒன்பதரைக்கு நான் முழிச்சுத்தான் இருப்பேன்.

நான்தான்"

நன்றிங்கற வார்த்தையே இதுல இல்ல, கவனிச்சீங்களா? போடக் கூடாதுன்னு இல்ல, போட இடம் தேவைப்படல. அனுப்பாம விட்ட அந்த பேஜ் நம்பர்தான் இந்த லெட்டர்லயே பெரிய விஷயம்னு எனக்குத் தோணுது. ஃப்ரெண்டுக்கு அது புதுத் தகவல், அவ போன்ல அன்னிக்கு ஒண்ணுமே காட்டிருக்காது.

ஸ்டெப் 5: முடிவு பாரா

நிறைய பேர் சொதப்பறது இங்கதான். "இனிமே நானும் உனக்கு டெய்லி மெசேஜ் போடுவேன்"னு எழுதிடுவாங்க, ஒரு வாரத்துல நின்னுடும், அப்புறம் அந்த லெட்டரை நினைச்சாலே சங்கடம். இன்னொரு பக்கம் "இனிமே நீ அனுப்ப வேணாம்"னு மட்டும் எழுதினா வேலை முடிஞ்சுது கிளம்புன்னு சொல்ற மாதிரி கேக்கும். மேல இருக்கற லெட்டர்ல கடமையை மட்டும் எடுத்துட்டு பேச்சுக்குக் கதவைத் திறந்து வச்சிருக்கா, அவளால நிஜமா செய்ய முடியற அளவுக்கு மட்டும். அந்த அளவு போதும்.

சாரியும் அளவா இருக்கட்டும். ரிப்ளை பண்ணாததுக்கு பாரா பாராவா மன்னிப்பு கேட்டா, படிக்கறவங்க உங்களை சமாதானம் பண்ண ஆரம்பிச்சுடுவாங்க, லெட்டர் தலைகீழாயிடும்.

இன்னொண்ணு, கொஞ்சம் சீரியஸ். அந்த மாசங்கள்ல உயிரோட இருக்கவே வேணாம்ங்கற அளவுக்கு யோசனை போயிருந்தா, அதை மொதல் தடவையா இந்த லெட்டர்ல சொல்லாதீங்க. தனியா படிக்கறவங்களுக்கு அது பெரிய அதிர்ச்சி, கூட நீங்களும் இருக்க மாட்டீங்க. நேர்ல உக்காந்து சொல்லுங்க, இல்ல கால் பண்ணுங்க. இப்பவும் அந்த யோசனை வருதுன்னா லெட்டர் காத்திருக்கட்டும், இன்னிக்கே அவங்க கிட்டயோ வீட்ல ஒருத்தர் கிட்டயோ டாக்டர் கிட்டயோ பேசிடுங்க.

ஸ்டெப் 6: அனுப்பறது

கையால எழுதி நேர்ல கொடுக்க முடிஞ்சா நல்லது, கொடுத்துட்டு பக்கத்துலயே நின்னு "படி படி"ன்னு பாக்காதீங்க, பாவம். தூரத்துல இருந்தா எழுதினதை போட்டோ எடுத்து அனுப்பலாம். டைப் பண்ணி அனுப்பறதா இருந்தா, நீள மெசேஜ வாட்ஸ்அப் பாதியில மடக்கிடும், அதனால மொதல் ரெண்டு லைன்லயே அவங்க பண்ண காரியம் வந்துடணும், "எப்படி சொல்றதுன்னே தெரியல"ன்னு இழுக்காதீங்க. ஸ்டேட்டஸ்ல மட்டும் போடாதீங்க, ஊரு பாக்கறதுக்கு எழுதினதுன்னு ஆயிடும்.

கூச்சமா இருக்கும். அமித் குமார், நிக்கோலஸ் எப்லின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2018-ல இதைப் பத்தி எழுதிருக்காங்க. தேங்க்ஸ் லெட்டர் எழுதறவங்க, வாங்கறவங்களுக்கு சங்கடமா இருக்கும்னு அதிகமா நினைக்கறாங்க, அவங்க எவ்ளோ சந்தோஷப்படுவாங்கங்கறதை கம்மியா நினைக்கறாங்கன்னு. வார்த்தை சரியா அமையலயேன்னு கவலைப்படறது எழுதறவங்கதான், வாங்கினவங்க அதைப் பெருசா எடுத்துக்கல.

அனுப்பினதும் போனை வச்சுட்டு வேற வேலை பாருங்க. பெருசா ரிப்ளை வரும்னு எதிர்பாக்காதீங்க, தினமும் நாலு வார்த்தைல கேட்டுட்டு இருந்த ஆளு திடீர்னு கட்டுரை எழுத மாட்டாங்க. மேல சொன்ன பொண்ணுக்கு வந்த ரிப்ளை, "லூசு. அந்த சாப்டர் முடிச்சியா இல்லையா, அதைச் சொல்லு மொதல்ல."