கட்டிலுக்கு அடியில், கொடித்துணிக்குப் பின்னால்

மார்கழி, தை மாதங்களில் கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் வந்து, பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கிறவர்கள் முதல் வேலையாகக் கொசு ஸ்பிரேயை நடு அறையில் அடிப்பார்கள். அங்கே கொசு இருக்காது. இரத்தம் குடித்த பெண் கொசு, முட்டை முதிரும் வரை இரண்டு மூன்று நாள் காற்றாடாத இருட்டில் ஒதுங்கிக் கிடக்கும். கட்டிலுக்கு அடியில் தள்ளிய சூட்கேஸ்களின் இடுக்கு, பத்தாயத்தின் பின்புறம், கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிய சட்டை, கொடியில் கிடக்கும் புடவை மடிப்பு என்று தேடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் பெரும்பாலும் ஐந்தடி உயரத்துக்குக் கீழேதான் உட்காரும். ஆகவே விட்டத்தைப் பார்த்து அடிப்பது வீண்.

நேரம் நடுப்பகல். ஏடிஸ் காலையிலும் சாயங்காலமும் கடிக்கும், சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸ் இரவில் கடிக்கும். உச்சிப்பொழுதில் இரண்டுமே பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

படுக்கையறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். துணியை முதலில் உதறிவிடாதீர்கள். கொசு அடுத்த அறைக்குப் போய்விடும். குழந்தைகளையும் சாப்பாட்டுப் பொருட்களையும் வெளியே அனுப்புங்கள். மீன் தொட்டி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இந்த மருந்து மீனுக்கு விஷம். விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது, ஸ்பிரே தீப்பிடிக்கும். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, தரையில் பழைய வெள்ளை வேட்டியை விரியுங்கள். மூக்கைக் கட்டிக்கொண்டு, கொடித்துணியை ஒரு கம்பால் தட்டுங்கள். கொசு எழும்பும். உடனே கட்டிலுக்கு அடியில், பத்தாயத்துக்குப் பின்னால், மூலைகளில் டப்பாவில் சொன்ன அளவுக்கு மட்டும் அடித்தபடி பின்னாலேயே நடந்து வெளியே வந்து கதவை மூடுங்கள். துணி மீதும் மெத்தை மீதும் நேரடியாக அடிக்க வேண்டாம்.

இருபது நிமிஷம் கழித்து ஜன்னலைத் திறந்துவிட்டு, வேட்டியைப் பாருங்கள். கொசு ஆய்வாளர்களும் இப்படித்தான் வெள்ளைத் துணி விரித்து எண்ணுகிறார்கள். விழுந்தவை மறுபடி அசைந்தால் மருந்து போதவில்லை, அல்லது அவற்றுக்கு அது பழகிவிட்டது. இரண்டுக்கும் ஒரே வழி, உடனே கூட்டி நசுக்குவதுதான். அறை நன்றாகக் காற்றாடிய பிறகு உள்ளே தங்குங்கள். கொடித்துணியைத் துவைத்து அலமாரியில் வையுங்கள். வியர்வை வாடை வீசும் சட்டையை மறுபடி ஆணியில் மாட்டினால் பட்ட பாடு வீண்.

இந்த ஸ்பிரே சுவரில் தங்கி நாள்கணக்கில் வேலை செய்யாது. மூன்று நான்கு நாள் கழித்து மறுபடி வேட்டியை விரியுங்கள். கால்களில் வெள்ளைப் பட்டையோடு கறுப்புக் கொசு, அதாவது ஏடிஸ், அதே அளவு விழுந்தால், வீட்டிலோ கொல்லையிலோ எங்கோ தேங்கிய நல்ல தண்ணீரில் அது பிறக்கிறது: ஃப்ளஷ் டேங்க், மூடாத தொட்டி, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி. பழுப்பு நிறமாக இருந்தால் அது கியூலெக்ஸ், செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயைப் பாருங்கள். வலை இல்லையென்றால் இன்றே நைலான் வலையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.