தினமும் காலையில் 2009-க்குப் போகும் கணினி: மதர்போர்டு பேட்டரியை நாமே மாற்றுவது எப்படி?

பழைய டெஸ்க்டாப்பை ஆன் செய்தால் நேராக விண்டோஸுக்குப் போகாமல் கறுப்புத் திரையில் `CMOS Checksum Error - Defaults Loaded` என்று நின்றுகொண்டு F1 அழுத்தச் சொல்கிறதா? அழுத்தி உள்ளே போனால் தேதி பல வருடம் பின்னால் இருக்கிறதா, பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்காமல் `Your clock is behind` என்கிறதா? பெரும்பாலும் இது மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன வட்டப் பேட்டரி செத்துப்போனதன் அடையாளம்தான். மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் மாற்றிய பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டேன், அதனால் விண்டோஸே போய்விட்டது என்று நினைத்து அரை நாள் வீணானது. அந்தக் கதை கீழே வரும்.

அந்தப் பேட்டரிக்கு இரண்டு வேலை. கரண்ட் இல்லாத நேரத்தில் மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை ஓட வைப்பது ஒன்று. பழைய போர்டுகளில், கணினி ஆனதும் முதலில் ஓடும் நிரலான பயோஸின் செட்டிங்குகள் உட்கார்ந்திருக்கும் சீமாஸ் நினைவகத்துக்கு உயிர் கொடுப்பது இன்னொன்று. அதனால்தான் நேரமும் செட்டிங்கும் சேர்ந்தே காணாமல் போகின்றன.

படி 1: பேட்டரிதான் காரணமா என்று திறக்காமலே பாருங்கள்

கணினியை ஷட்டவுன் செய்தாலும் ப்ளக் மாட்டியிருந்து சுவிட்சும் ஆனில் இருந்தால் கேபினெட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கரண்ட் போர்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். கடிகாரம் அதை வைத்தே ஓடிக்கொள்ளும், பேட்டரியைத் தொடாது. இதை வைத்து ஒரு எளிய சோதனை செய்யலாம். நேரத்தைச் சரிசெய்துவிட்டு, இன்று இரவு ஷட்டவுன் மட்டும் செய்யுங்கள், ப்ளக்கைப் பிடுங்க வேண்டாம். மறுநாள் நேரம் சரியாக இருந்தால், அடுத்த இரவு ப்ளக்கையும் பிடுங்கிவிடுங்கள். அப்போது மட்டும் நேரம் தவறினால் பெரும்பாலும் பேட்டரிதான்.

தேதியெல்லாம் சரியாக இருந்து நேரம் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தள்ளிப் போகிறது என்றால் அது வேறு விஷயம்: நேர மண்டலம் தவறாக இருக்கலாம், அல்லது ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்து, மதர்போர்டு கடிகாரம் காட்டுவது உள்ளூர் நேரமா உலகப் பொது நேரமா என்பதில் இரண்டும் முட்டிக்கொள்ளலாம். பேட்டரி மாற்றி அது தீராது.

படி 2: பயோஸ் செட்டிங்குகளைப் போட்டோ எடுங்கள்

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். என் பழைய கணினி தினமும் 2009 ஜனவரி 1-ஆம் தேதிக்குப் போய்க்கொண்டிருந்தது. F1 அழுத்தினால் விண்டோஸ் சின்னம் ஒரு நொடி வரும், உடனே நீலத் திரை, கீழே `STOP: 0x0000007B` என்று ஒரு எண், மறுபடி ரீஸ்டார்ட். ஹார்ட் டிஸ்க் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். புது டிஸ்க் வாங்கலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போன பிறகுதான் உறைத்தது. விண்டோஸ் நிறுவிய அன்று பயோஸில் ஹார்ட் டிஸ்க் பயன்முறை `AHCI` என்று இருந்தது. பேட்டரி செத்ததும் செட்டிங்குகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, அது `IDE` ஆகிவிட்டது. விண்டோஸ் தன் டிஸ்க்கை வேறு வழியில் தேடி, கிடைக்காமல் விழுந்துகொண்டிருந்தது. டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. பயோஸில் அந்த ஒரு வரியை மாற்றியதும் எதுவுமே நடக்காதது போல விண்டோஸ் திறந்தது.

ஆகவே இப்போதே பயோஸுக்குள் போங்கள் (ஆன் செய்ததும் DEL அல்லது F2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள், எந்த விசை என்று திரையில் ஒரு கணம் காட்டும்). கணினி நன்றாக வேலை செய்யும் செட்டிங்கில் இருக்கும்போது ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுங்கள். முக்கியமாக இரண்டு: ஒன்று `SATA Mode` அல்லது `Configure SATA as` என்று வரும் வரி. மற்றொன்று பூட் வரிசை, அதாவது எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் கிளம்ப வேண்டும் என்பது. பூட் பக்கத்தில் `UEFI`, `Legacy` என்று ஒரு தேர்வு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைப் பிட்லாக்கர் போட்டுப் பூட்டியிருந்தால் அதன் மீட்புக் குறியீடு கையில் இருக்கட்டும், பயோஸ் மாறியதைப் பார்த்து அது கேட்கக்கூடும்.

படி 3: திறப்பதும் பழையதை எடுப்பதும்

ஷட்டவுன் செய்து, பவர் கேபிளைப் பின்னாலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். கேபினெட்டின் பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் பக்கவாட்டு மூடி பின்னோக்கி நழுவி வரும். மதர்போர்டு மேலே தெரியும்படி கேபினெட்டைப் படுக்க வைத்துவிடுங்கள், நின்ற நிலையில் வேலை செய்தால் பேட்டரி எங்காவது உள்ளே விழுந்து தேட விடும். போர்டைத் தொடும் முன் கேபினெட்டின் வெற்று உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போய்விடும்.

சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிதாக, வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒன்று இருக்கும், அதுதான். கண்ணில் படவில்லை என்றால் கிராபிக்ஸ் கார்டு அதை மறைத்துக்கொண்டிருக்கும். கார்டைக் கழற்றும்போது ஸ்க்ரூவை எடுத்தால் மட்டும் போதாது, ஸ்லாட்டின் முனையில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் கொக்கியையும் அழுத்த வேண்டும்.

பேட்டரியின் மேல் CR2032 என்று எழுதியிருக்கும், பக்கத்தில் ஒரு + குறி. அந்த எழுத்துப் பக்கம் மேலே இருந்ததையும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ஹோல்டரின் ஓரத்தில் ஒரு உலோக நாக்கு பேட்டரியின் விளிம்பைக் கவ்விக்கொண்டிருக்கும். அதை நகத்தால் வெளிப்பக்கமாகத் தள்ளினால் பேட்டரி தானே ஒரு பக்கம் எழும்பும். பேட்டரியின் அடியில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள். வழுக்கினால் போர்டில் கீறல் விழும், அந்தக் கீறல் எந்தக் கோட்டை அறுத்தது என்று யாராலும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

மல்டிமீட்டர் இருந்தால் டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை எழுத்துப் பக்கத்திலும் கறுப்பை அடிப்பக்கத்திலும் வைத்துப் பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே காட்டும். 2.8-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடலாம். என்னுடையது 1.9 காட்டியது.

எடுத்த பேட்டரியின் இரண்டு பக்கமும் டேப் ஒட்டிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். செத்த பேட்டரிதானே என்று விடாதீர்கள், விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

படி 4: புதியதைப் போடுவது

CR2032 தான் வேண்டும். அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் CR2025 உள்ளே உட்காரும், வோல்ட்டும் அதே 3 தான், ஆனால் 2.5 மில்லிமீட்டர் தடிமனே என்பதால் ஹோல்டரில் ஆடிக்கொண்டிருக்கும், சில நாள் நேரம் சரியாக இருக்கும், சில நாள் இருக்காது. LIR2032 என்பது சார்ஜ் செய்யும் வகை, வோல்ட் அதிகம், அதைப் போடவே கூடாது.

உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, எழுத்து மேலே தெரியும்படி ஒரு ஓரத்தை முதலில் நுழைத்து மறு ஓரத்தை அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். அவ்வளவுதான், மூடியை மாட்டலாம்.

படி 5: ஆன் செய்த பிறகு

முதல் முறை அதே பழைய எச்சரிக்கை வரும். பயந்துவிடாதீர்கள், பேட்டரி இல்லாமல் இருந்த நேரத்தில் அழிந்ததைத்தான் அது சொல்கிறது. பயோஸுக்குள் போய்த் தேதி, நேரம் இரண்டையும் போடுங்கள். பல பயோஸ்களில் மாதம் முதலில், நாள் அடுத்தது என்ற வரிசை இருக்கும், நேரம் 24 மணிக் கணக்கு. அப்புறம் போட்டோவைப் பார்த்து டிஸ்க் பயன்முறையையும் பூட் வரிசையையும் சரிசெய்து F10 அழுத்திச் சேமியுங்கள். எதைப் போடுவது என்று தெரியாமல் நீலத் திரையில் மாட்டிக்கொண்டிருந்தால் `AHCI`, `IDE` இரண்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எதில் விண்டோஸ் திறக்கிறதோ அதுதான் சரி.

தேதியைப் பயோஸிலேயே போடச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இணையம் வந்ததும் விண்டோஸ் தானே சரிசெய்துகொள்ளும் என்று பலர் விட்டுவிடுவார்கள், ஆனால் வீட்டுக் கணினியில் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் விண்டோஸின் நேரச் சேவை தானாகத் திருத்தாமல் ஒதுங்கிக்கொள்வதே வழக்கம். வருடக் கணக்கில் பின்னால் இருந்தால் கேட்கவே வேண்டாம். கையால் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால் மிச்ச நொடிகளை அது பார்த்துக்கொள்ளும். உடனே நடக்க வேண்டுமானால் கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து:

```
net start w32time
w32tm /resync
```

முதல் வரிக்கு, சேவை ஏற்கெனவே ஓடுகிறது என்று பதில் வந்தால் பரவாயில்லை, அடுத்த வரிக்குப் போங்கள்.

கடைசியாகப் படி 1-ல் சொன்ன சோதனையை மறுபடி செய்யுங்கள். ப்ளக்கைப் பிடுங்கி ஒரு இரவு விட்டு, காலையில் நேரே பயோஸுக்குள் போய் நேரத்தைப் பாருங்கள், விண்டோஸில் பார்த்தால் இணையம் திருத்திய நேரத்தைக் கண்டு ஏமாந்துபோவீர்கள்.

அப்படியும் நேரம் நிற்கவில்லையா?

முதலில் பேட்டரி தலைகீழாக இருக்கிறதா, ஹோல்டரின் உலோக நாக்கு வளைந்து விளிம்பைத் தொடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்து, பேட்டரிக்கு அருகே `CLR_CMOS` என்பது போன்ற பெயருடன் மூன்று ஊசிகளும் அவற்றில் இரண்டை மூடிய ஒரு சின்னத் தொப்பியும் இருக்கலாம். வழக்கமாக அது 1, 2 ஊசிகளில் இருக்கும். எப்போதோ யாரோ 2, 3-க்கு மாற்றிவிட்டுத் திருப்பி வைக்க மறந்திருந்தால் எத்தனை பேட்டரி போட்டாலும் செட்டிங் நிற்காது. உங்கள் போர்டின் கையேட்டில் சரிபார்த்த பிறகு, பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் புதிய பேட்டரி சில வாரங்களிலேயே இறங்கிவிட்டால் போர்டில் எங்கோ கரண்ட் கசிகிறது. அது சோல்டரிங் தெரிந்தவர் பார்க்க வேண்டிய வேலை. காட்டும்வரை ப்ளக்கைப் பிடுங்காமல் சுவிட்சை ஆனிலேயே விட்டுவைத்தால், கரண்ட் போகாத வரை, ஸ்டாண்ட்பை கரண்டில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.