எழுவதை எண்ணுகிறோம், உட்காருவதை விட்டுவிடுகிறோம்

தோட்டத்து சமூக மண்டபங்களில் முதியோருக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, முழு நேரத்தையும் கதிரையிலேயே முடித்துவிடுவது. கையை உயர்த்துவதும் காலை நீட்டுவதும் மூட்டுகளுக்கு இதம்தான். ஆனால் சமநிலை வர வேண்டுமென்றால் நிற்கத்தான் வேண்டும்.

கதிரையிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைக் கொடுப்பவர்களும் எழுவதை மட்டுமே கவனிக்கிறார்கள். எங்கள் வகுப்புக்கு வரும் ஓர் அம்மா, கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர், தொடையில் கைகளை ஊன்றி எழுவார்; உட்காரும்போது கடைசி ஒரு சாணுக்குத் தொப்பென்று விழுவார். லயத்துப் படிகளில் இறங்கும்போதும் அவருக்கு அதே இடத்தில்தான் முழங்கால் நடுங்குகிறது. படியிறங்குகையில் உடலின் பாரத்தை மெதுவாகக் கீழே விடுவது தொடைத் தசை. மெதுவாக உட்காருவதும் அதே தசையின் வேலைதான்.

அவருக்குக் கதிரையில் கம்பளியை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டினோம். பாதங்களைச் சற்றுப் பின்னிழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்சாய்ந்து எழச் சொன்னோம். உட்காரும்போது வாய்விட்டு நான்கு எண்ண வேண்டும். எண்ணுகிறவர் மூச்சைப் பிடித்துவைக்க முடியாது. ஐந்து முறை, ஓய்வு, மறுபடி ஐந்து முறை. தொப்பென்ற சத்தம் நின்ற பிறகுதான் கம்பளியில் ஒரு மடிப்பைக் குறைத்தோம். பிளாஸ்டிக் கதிரை சீமெந்துத் தரையில் வழுக்கும்; அதன் முதுகு சுவரில் முட்டியிருக்கட்டும்.

நின்று செய்யும் பயிற்சிக்கு அந்தக் கதிரையைப் பிடிக்கவைக்க வேண்டாம். பாரம் கொடுத்தால் கவிழும். ஜன்னல் விளிம்போ கனமான மேசையோ போதும். முதலில் பாதங்களைச் சேர்த்து, பிறகு ஒன்றை அரைப்பாதம் முன்வைத்து, அதன்பின் ஒன்றுக்கு முன் ஒன்றாக வைத்து நிற்கவேண்டும். ஒவ்வொரு நிலையிலும் பத்து விநாடி நிற்க முடிந்த பிறகே அடுத்தது. பிடிப்பும் அப்படியே குறையட்டும்: இரு கைகள், ஒரு கை, விரல் நுனி. துளியும் ஆடாமல் நின்றால் பயிற்சி போதவில்லை; விளிம்பை இறுகப் பற்றினால் ஒரு படி பின்னால் போங்கள். குளிருக்குப் போட்ட கம்பளிக் காலுறையோடு மட்டும் யாரையும் நிற்கவிடாதீர்கள். மினுக்கிய தரையில் அதைவிட ஆபத்தானது வேறில்லை.

பிரஷர் குளிசை எடுப்பவர்களை உட்கார்ந்த பயிற்சி முடிந்த கையோடு எழுப்புவதும் பிழை. முதலில் குதிகாலையும் நுனிக்காலையும் மாறிமாறித் தூக்கவையுங்கள். எழுந்ததும் பிடித்தபடி சற்று நிற்கட்டும். தலைசுற்றினால் உடனே உட்காரவைக்க வேண்டும். எழும்போதெல்லாம் தலைசுற்றுகிறவர் கிளினிக்கில் படுத்தும் நின்றும் பிரஷரைப் பார்க்கச் சொல்லலாம். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் குளிசையை மாற்றுவது பற்றி டொக்டர் முடிவெடுப்பார். தானாக நிறுத்தக் கூடாது.

வாரத்துக்கு ஒரு வகுப்பு போதாது. வேறு இரண்டு நாட்களாவது வீட்டிலும் செய்ய வேண்டும். நாங்கள் கொடுக்கும் வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று: தேநீர் குடிக்க உட்காரும்போதும் நான்கு எண்ணி உட்காருங்கள்.