டபுள் பிளைண்ட் மதிப்பாய்வுக்குக் கட்டுரையைப் பெயரின்றி அனுப்புவது எப்படி?

டபுள் பிளைண்ட் மதிப்பாய்வில் கட்டுரையாளர் யார் என்பது மதிப்பாய்வாளருக்கும், மதிப்பாய்வாளர் யார் என்பது கட்டுரையாளருக்கும் தெரியக் கூடாது. முதலில் முழுக் கட்டுரையின் மூலப் பிரதியைத் தனியே சேமித்துவிட்டு, அதன் நகலில் மட்டும் பின்வரும் மாற்றங்களைச் செய்யுங்கள்.

படி 1: தலைப்புப் பக்கத்தைப் பிரித்தல்

புதிய கோப்பு ஒன்றில் கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர் பெயர்கள், பணியிடம், மின்னஞ்சல், ORCID எண் ஆகியவற்றை எழுதுங்கள். நன்றியுரை, நிதியுதவி எண், ஆசிரியர்களின் பங்களிப்பு ஆகியவையும் இதற்குள்ளேயே வர வேண்டும். முதல் பக்கத்தை நீக்கியவர்கள்கூடக் கட்டுரையின் இறுதியில் இருக்கும் நன்றியுரையைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். முதன்மைக் கோப்பு தலைப்பு, சுருக்கம் ஆகியவற்றோடு தொடங்கினால் போதும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் குறிப்பிடும் இடத்தில் நிறுவனத்தின் பெயரை மட்டும் மறைத்து, ஒப்புதல் பெற்ற செய்தியை அப்படியே விடுங்கள்.

படி 2: தன் மேற்கோள்களைப் படர்க்கையாக்குதல்

அதிகக் கவனம் தேவைப்படுவது இங்கேதான். ஆசிரியரின் பெயர் செல்வி என்றும், கிணற்று நீரிலுள்ள ஃப்ளோரைடு பற்றி அவர் எழுதிய வரி இது என்றும் வைத்துக்கொள்வோம்:

"எங்கள் முந்தைய ஆய்வில் (செல்வி, 2019) பயன்படுத்திய அதே 40 கிணறுகளில் மீண்டும் மாதிரி எடுத்தோம்."

இதை இவ்வாறு மாற்றலாம்:

"செல்வி (2019) ஆய்வு செய்த 40 கிணறுகளில் இவ்வாய்விலும் மாதிரிகள் எடுக்கப்பட்டன."

மேற்கோளும் நூற்பட்டியல் பதிவும் அப்படியே இருக்கின்றன. ஆனால் செல்வியை வேறொருவராகவே வாசகர் எடுத்துக்கொள்ள முடியும். மேற்கோளையே நீக்கிவிட்டால், பழைய ஆய்விலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது என்பதை மதிப்பாய்வாளரால் எடைபோட முடியாது. பெயருக்குப் பதிலாக "ஆசிரியர், 2019" என்று எழுதுவதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் இதே பொருளில் 2019இல் எழுதியவர் யார் என்று தேடினால் விடை கிடைத்துவிடும். இதழின் விதிமுறை அப்படித்தான் கேட்கிறது என்றால், நூற்பட்டியலில் அந்தப் பதிவின் நூற்பெயரையும் இதழ்ப் பெயரையும் நீக்கி, பட்டியலின் தொடக்கத்துக்கு நகர்த்துங்கள்; அகரவரிசையில் பழைய இடத்திலேயே விட்டால் பெயரின் முதல் எழுத்து வெளிப்படும்.

ஒரே பெயர் பட்டியலை நிறைத்திருந்தால் படர்க்கையும் உதவாது. வாதத்துக்கு இன்றியமையாதவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் வெளிவராத சொந்தக் கட்டுரையைப் பிறர் பார்த்திருக்க வழியில்லை என்பதால், அதைப் பெயரோடு சுட்டினாலே அடையாளம் தெரிந்துவிடும். அதை மட்டும் மறைத்தே ஆக வேண்டும்.

படி 3: கோப்பின் உள்ளே இருக்கும் பெயர்

வேர்டில் திருத்தக் குறிகளை ஏற்றோ நிராகரித்தோ முடித்தபின், File > Info > Check for Issues > Inspect Document சென்று, கருத்துக் குறிப்புகளையும் Document Properties and Personal Information பகுதியையும் Remove All கொடுத்து நீக்குங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருந்தால் மாற்றுங்கள்.

படி 4: தேடிப் பார்த்தல்

Ctrl+F அழுத்தி ஒவ்வோர் ஆசிரியரின் பெயரையும், நிறுவனத்தின் பெயரையும், "எங்கள்", "முந்தைய" ஆகிய சொற்களையும் தேடுங்கள். பெயர் மேற்கோளிலும் நூற்பட்டியலிலும் வரலாம். அதன் அருகில் "எங்கள்" வந்தால் அந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும். படங்களுக்குள் பதிந்திருக்கும் நிறுவனச் சின்னம் இந்தத் தேடலில் சிக்காது என்பதால், படங்களை மட்டும் கண்ணால் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.